மன்னார்குடி வீட்டைப் பற்றி அக்காவுக்கும் தம்பிக்கும்

சிங்கப்பூர்
10.8.2025

அன்புள்ள கலா அக்காவுக்கும் தம்பி செந்திலுக்கும்,

நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கிட்டு, கடைசியில் மனஸ்தாபமாக முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அத்தானும் கீதாவும் படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

தை மாதம் வந்தபோது சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனேன். நெல் கொட்டி வைக்கும் அறையின் நிலைப்படியில் கை வைத்தேன், கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கிறது, உள்ளே முழுக்கக் கரையான். முற்றத்துச் சுவரில் ஓர் அரசங்கன்று முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. கஜா புயலுக்கு அப்புறம் அப்பா பார்த்துப் பார்த்து மாற்றிய ஓடுகளிலும் பத்துப் பன்னிரண்டு உடைந்து கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் கை வைக்காவிட்டால் கூடத்து உத்திரமும் போய்விடும். பூட்டிய வீடு இவ்வளவு சீக்கிரம் வீணாகும் என்று நான் நினைக்கவே இல்லை.

செந்தில், விற்றுவிடலாம் என்று நீ சொன்னதில் தப்பில்லை. வீட்டு லோனும் பிள்ளை படிப்புமாக உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மா தஞ்சாவூரில் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மோட்டார் போட்டுப் பார்த்தாங்களாடா?" அம்மா இருக்கிறவரை அந்த வீட்டை விற்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதில் மட்டும் என்னை வற்புறுத்தாதே. பணம் அவசரம் என்றால் உன் பங்குக்கு ஈடாக இப்போதே நான் தருகிறேன், வட்டி வேண்டாம், எழுதி வைத்துக்கொள்வோம். உன் பங்கையே கொடுத்துவிடலாம் என்று தோன்றினால், இன்றைய சந்தை விலைக்கு நானோ அக்காவோ வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளலாம்.

அக்கா, "எனக்கு நகை போட்டுச் சீர் செஞ்சாச்சு, வீட்டுல எனக்கு என்ன இருக்கு" என்று இனிமேல் சொல்லாதே. வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதவில்லை. சட்டப்படி அம்மா, நீ, நான், செந்தில் நான்கு பேருக்கும் சம பங்கு, ஆளுக்குக் கால் பாகம். நீயாக விட்டுக்கொடுத்தாலும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

என் யோசனை இதுதான். மாடியை மட்டும் வாடகைக்கு விடுவோம். கீழே கூடமும் சாமி அறையும் அடுப்படியும் அம்மாவுக்காக அப்படியே இருக்கட்டும், நினைத்தபோது வந்து தங்கட்டும். மேலே ஆள் இருந்தால் கீழேயும் விளக்கு எரியும், மோட்டார் ஓடும். முன்பணத்தைவிட ஆள் முக்கியம். குடும்பத்தோடு இருக்கிற வாத்தியார் யாராவது கிடைத்தால் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கூடக் கொடுக்கலாம். 11 மாத ஒப்பந்தம், அம்மா பேரில். வாடகை அம்மா கணக்குக்கே போகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், இரண்டையும் அதிலிருந்தே கட்டலாம். மிச்சம் அம்மாவுடையது, அதற்குக் கணக்குக் கேட்க வேண்டாம்.

ஓடு, நிலைப்படி, கரையான் மருந்து, மாடிக் கக்கூஸ் எல்லாவற்றுக்கும் கொத்தனார் இரண்டே கால் லட்சம் சொல்கிறார். அதை நான் போடுகிறேன். பின்னால் பங்கு பிரிக்கும்போது இதைக் கழித்துக்கொள்ள மாட்டேன், இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி.

அம்மாவின் மருந்துச் செலவை வீட்டுக் கணக்கோடு சேர்க்க வேண்டாம். அதற்குத் தனியாக மாதம் எட்டாயிரம் நானும் நாலாயிரம் செந்திலும் அக்காவுக்கு அனுப்புவோம். அக்கா ராத்திரி எழுந்து பார்ப்பதற்கு இது ஈடு இல்லை என்று எனக்குத் தெரியும். கைக்காசைப் போட்டு ஓடிக்கொண்டிருக்காதே, அவ்வளவுதான்.

பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கையில் இருப்பதால் நான்கு பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அதோடு வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பார்த்துவிடலாம். என் சார்பில் அலைய அக்காவுக்கு இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறேன். அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். பட்டா, வரி, மின் இணைப்பு, மராமத்து, இவ்வளவுக்குத்தான் அந்தப் பவர். விற்கும் அதிகாரம் அதில் இருக்காது. செந்தில், உனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதால் நகலை முதலில் உனக்கு அனுப்புகிறேன்.

இதில் பிடிக்காதது இருந்தால் அடித்துத் திருத்தி எழுதுங்கள். ஏதாவது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் புரட்டாசி கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்கும். திருச்சிக்கு வந்து இறங்கி, தஞ்சாவூரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு டாக்டரிடம் போகிற தேதி எது என்று அக்கா சொன்னால், அதைப் பார்த்து டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
ரவி