2026-27 ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம்: பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு சங்கம்

(22.03.2026 அன்று நடைபெறும் பேரவைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் செயலர் வாசித்து ஒப்புதல் கோருவது)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது சங்கத்தில் பதிவேட்டின்படி 286 உறுப்பினர்கள் இருக்கிறோம். தொடர்ந்து பால் ஊற்றுபவர்கள் 172 பேர். இந்தத் திட்டம் அந்த 172 பேர் ஊற்றும் பாலை வைத்துப் போடப்பட்டது. மற்றவர்கள் திரும்ப ஊற்றத் தொடங்கினால் சந்தோஷம்தான், ஆனால் அதை நம்பி ஒரு ரூபாயும் எழுதவில்லை.

கொள்முதல்

ஆண்டு முழுவதும் ஒரே அளவு பால் வராது என்பது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் முதல் ஜூலை வரை பசுந்தீவனம் குறையும், வெயிலில் மாடும் பால் குறைக்கும். அந்த 122 நாளுக்கு தினமும் 1,150 லிட்டர் என்று வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 1,400 லிட்டர், நவம்பர் முதல் மார்ச் வரை 1,600 லிட்டர். ஆக மொத்தம் 5,10,700 லிட்டர். சராசரியைப் போட்டு 365 ஆல் பெருக்கியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே தொகைதான் வரும். ஆனால் கோடையில் வரவு சுருங்கும்போதும் சம்பளமும் மின்கட்டணமும் அப்படியே நிற்கும். எந்த மாதம் கை கடிக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகப் பிரித்துப் போட்டோம்.

தராசில் கிலோவாக வரும் எடையை 1.03 ஆல் வகுத்து லிட்டராக எழுதுகிறோம். டேங்கரிலும் இதே கணக்குதான். "எட்டு கிலோ ஊற்றினேன், சீட்டில் ஏழே முக்கால் போட்டிருக்கிறார்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். 8 கிலோவை 1.03 ஆல் வகுத்தால் 7.77 லிட்டர். இந்தக் கணக்கை ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அளக்கும் இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கிறோம்.

சோதனைக்கு எடுக்கும் மாதிரிப் பாலில் மிஞ்சுவதை இனி கேனிலேயே ஊற்ற வேண்டும். எடை போட்ட பிறகு எடுக்கும் பால் என்பதால் அது ஏற்கெனவே உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். மாதிரிப் பால் விற்ற வகையில் என்று வரவில் தனித் தலைப்பு இந்த ஆண்டு கிடையாது.

உற்பத்தியாளர்களுக்குப் பட்டுவாடா

கொழுப்பும் கொழுப்பு நீங்கிய திடச்சத்தும் சேர்த்துப் பார்க்கும் விலைப் பட்டியல்படி, நமது பாலுக்குச் சராசரியாக லிட்டருக்கு 36 ரூபாய் வருகிறது. அந்தக் கணக்கில் ஆண்டுப் பட்டுவாடா ரூ.1,83,85,200. மொத்தச் செலவில் இதுவே பெரும்பகுதி. மற்ற தலைப்புகளில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், இங்கே ஒரு சின்னப் பிசகு நடந்தால் எல்லாம் போய்விடும்.

அந்தப் பிசகு நடக்கக்கூடிய இடம் சோதனை மேசை. நாம் ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியாகச் சோதித்துப் பணம் கொடுக்கிறோம். ஒன்றியமோ டேங்கருக்குப் போகும் மொத்தப் பாலிலிருந்து ஒரே ஒரு மாதிரி எடுத்துச் சோதித்துப் பணம் தருகிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் சங்கம் நிற்கும். இங்கே கொழுப்பு 4.3 என்று எழுதி அங்கே 4.2 என்று வந்தால், இப்போதைய பட்டியலில் லிட்டருக்கு ஏறத்தாழ 30 பைசா நமக்கு நட்டம். ஒன்றியத்துக்கு அனுப்பும் 4,75,950 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ரூ.1,42,785. உங்கள் ஆண்டு போனஸில் பாதிக்கு மேல் இது.

இது யாரும் திருடிப் போகிற பணம் அல்ல. இயந்திரத்தை அளவுதிருத்தம் செய்யாமல் விட்டதால் போகலாம். பாலை நன்றாகக் கலக்காமல் மேல்பால் மட்டும் எடுத்ததால் போகலாம். தெரிந்தவர் என்று 0.1 கூட்டிப் போட்டதாலும் போகலாம். அதனால் சோதனைக்கான ஒதுக்கீட்டை ரூ.24,000 ஆக வைத்திருக்கிறோம். இரண்டு முறை அளவுதிருத்தம், வாரம் ஒருமுறை பத்துப் பேருடைய பாலை ஜெர்பர் முறையில் மறுசோதனை செய்ய அமிலமும் ஆல்கஹாலும், எல்லாம் இதில் அடக்கம். மறுசோதனையில் யார் பெயர் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் விலக்கு இல்லை.

பத்து நாளுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் பணம் போடுவது தொடரும். ஒரு தவணைக்குச் சராசரியாக ரூ.5 லட்சம் வேண்டும். பால் அதிகம் வரும் மாதங்களில் 5,76,000 ஆகும். நடப்பு ஆண்டில் ஒன்றியத்திலிருந்து பணம் தாமதமாக வந்தபோதெல்லாம் நமது பட்டுவாடாவும் தள்ளிப்போனது. மாட்டுக்குத் தீவனம் வாங்கக் காத்திருப்பவரிடம் போய் ஒன்றியக் கணக்கு விளக்கம் சொல்ல முடியாது. ஆகவே கூட்டுறவு வங்கியில் ரூ.5 லட்சத்துக்குக் காசுக்கடன் வரம்பு வாங்க உத்தேசம். 9 சதவீத வட்டியில் முழுத் தொகையையும் 146 நாள் எடுத்தால் ரூ.18,000 வரும். அதைச் செலவில் எழுதியிருக்கிறோம். எடுக்காமலே ஆண்டு ஓடிவிட்டால் மிச்சம்.

தீவனக் கடனுக்கான பிடித்தம் எந்தத் தவணையிலும் பில் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கடன் பாக்கி நீளுமே என்று குழுவிலேயே சிலர் தயங்கினார்கள். பில்லில் பாதி பிடிபட்டால் பால் வெளியே போகும், அப்புறம் பாக்கியும் வராது என்று பேசி இந்த முடிவுக்கு வந்தோம்.

குளிர்விப்பு

நமது குளிர்விப்பான் 2,000 லிட்டர் கொள்ளளவு. கறந்த சூட்டோடு வரும் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, டேங்கர் எடுக்கும்வரை அங்கேயே நிறுத்த வேண்டும். மாலைப் பால் இரவு முழுவதும் கிடக்கிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உடனே ஓட வேண்டியது இதற்காகத்தான்.

இந்தத் தலைப்பில் மொத்தம் ரூ.2,99,100. மின்சாரம் 12,000 யூனிட், சராசரி ரூ.8.50 வீதம் 1,02,000. நிலைக் கட்டணமும் கட்டட விளக்கு, மோட்டார் செலவும் 24,000. டீசல் 700 லிட்டர், ரூ.93 வீதம் 65,100. தொட்டி கழுவும் காரம், அமிலம் 36,000. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 42,000. கேஸ் நிரப்புதல், சில்லறைப் பழுது 30,000.

டீசலைக் குறைக்கலாமே என்று இதற்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. 1,600 லிட்டர் நிற்கும் ஒரு இரவில் பால் புளித்தால் நட்டம் ரூ.60,800. ஆண்டு டீசலுக்குக் கேட்பது 65,100. ஒரே ஒரு இரவு இந்தச் செலவை நியாயப்படுத்திவிடும் என்பதால் அதில் கை வைக்கவில்லை. குறைக்க வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. காலையில் 7.30 மணிக்கு மேல் பால் கொண்டுவருபவர்களால், ஏற்கெனவே குளிர்ந்து நிற்கும் பாலில் சூடான பால் கலந்து கம்ப்ரஸர் மறுபடி மறுபடி ஓடுகிறது. ஏப்ரல் முதல் 7.30 மணிக்குக் கொள்முதல் முடியும்.

குளிர்விப்புக் கட்டணமாக ஒன்றியம் லிட்டருக்கு 60 பைசா தருகிறது. அதில் ரூ.2,85,570 வரும். செலவைவிட 13,530 குறைவு. இந்தக் கட்டணத்தை உயர்த்தக் கோரி ஒன்றியத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை பழைய விகிதத்தையே எழுதுகிறோம். இதுபோக, குளிர்விப்பானை ஒருநாள் மாற்றத்தான் வேண்டும் என்பதால் தேய்மான நிதிக்கு ரூ.60,000.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நவம்பருக்குப் பிறகு டேங்கர் ஒருநாள் வராமல் போனால், மறுநாள் பாலை வைக்கத் தொட்டியில் 400 லிட்டர் இடம்தான் இருக்கும். இரண்டாவது தொட்டி வாங்க இந்த ஆண்டு நம்மிடம் பணமில்லை. டேங்கர் வராத நாளுக்கு மாற்று வண்டி ஒன்றியமே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் உறுதி கேட்கிறோம்.

திட்டத்தின் தொகைகள்

| வரவு | ரூ. |
|---|---|
| ஒன்றியத்துக்குப் பால், 4,75,950 லி. × 38 | 1,80,86,100 |
| உள்ளூர் விற்பனை, 32,850 லி. × 46 | 15,11,100 |
| குளிர்விப்புக் கட்டணம் | 2,85,570 |
| தீவன விற்பனை லாபம் | 36,000 |
| வைப்புத்தொகை வட்டி | 41,000 |
| மொத்தம் | 1,99,59,770 |

| செலவு | ரூ. |
|---|---|
| பாலுக்கான பட்டுவாடா | 1,83,85,200 |
| குளிர்விப்பு | 2,99,100 |
| தேய்மான நிதி | 60,000 |
| நான்கு பணியாளர் சம்பளம், போனஸ் | 5,72,000 |
| சோதனை | 24,000 |
| காசுக்கடன் வட்டி | 18,000 |
| அலுவலகம், தணிக்கை, கணினி | 62,000 |
| கால்நடை மருத்துவம், தீவன விதை | 30,000 |
| கட்டடப் பராமரிப்பு | 25,000 |
| மொத்தம் | 1,94,75,300 |

எதிர்பார்க்கும் உபரி ரூ.4,84,470. வாங்கும் பாலுக்கும் அனுப்புவதோடு விற்பதற்கும் இடையே 1,900 லிட்டர் கையாளும் சேதாரமாகப் போகிறது. அதற்கு மேல் போனால் பணியாளர்கள் காரணம் சொல்ல வேண்டும்.

ஆண்டு போனஸ்

உபரியிலிருந்து சட்டமும் துணை விதியும் சொல்லும் நிதிகளுக்கு ரூ.1,69,500 ஒதுக்கிய பின் 3,14,970 நிற்கும். அதில் ஊற்றிய பாலின் மதிப்பில் 1.5 சதவீதத்தை, அதாவது ரூ.2,75,778 ஐ, உறுப்பினர் போனஸாகத் தர உத்தேசித்துள்ளோம். மீதி 39,192 அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இதுவரை லிட்டர் கணக்கில் கொடுத்தோம். இனி மதிப்புக் கணக்கு. வருடம் 2,610 லிட்டர் ஊற்றும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரி 36 ரூபாய் விழுந்தால் அவருடைய போனஸ் ரூ.1,409. தரம் குறைந்து 33.50 விழுந்தவருக்கு ரூ.1,311. லிட்டர் கணக்கில் இருவருக்கும் ஒரே தொகை போயிருக்கும். நல்ல தீவனம் போட்டுச் சத்துள்ள பால் ஊற்றுபவருக்கு அது நியாயமில்லை.

ஆண்டில் குறைந்தது 180 நாள் பால் ஊற்றியவருக்கே போனஸ். மாடு சினையாக இருந்ததாலோ நோயாலோ நாள் குறைந்தால், மருத்துவர் சீட்டோ கன்று ஈன்ற பதிவோ காட்டினால் குழு பரிசீலிக்கும். தகுதி பெறாதவர்களின் பங்கு, தகுதி பெற்றவர்களுக்கே பிரித்துச் சேர்க்கப்படும்.

"போனஸ் வேண்டாம், விலையிலேயே 50 பைசா ஏற்றிக் கொடுங்கள்" என்ற கோரிக்கையும் வந்தது. கேட்பதில் தவறில்லை. எப்படியும் அது உங்கள் பணம்தான், தாமதமாகத் திரும்ப வருகிறது. ஆனால் 50 பைசா என்றால் ரூ.2,55,350 ஐ லாபம் வருமா என்று தெரியும் முன்பே கொடுத்துவிடுகிறோம். சோதனையில் 0.1 வித்தியாசம் வந்த ஆண்டில் சட்ட நிதிகளுக்கு ஒதுக்கக்கூட முழுப் பணம் இருக்காது. போனஸ், தணிக்கை முடிந்து நிற்கும் லாபத்திலிருந்து கொடுப்பது. லாபம் குறைந்தால் சதவீதமும் குறையும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். 2025-26க்கான போனஸ் தணிக்கை அறிக்கையோடு தனியாக வரும், அதை இங்கே கலக்கவில்லை.

பேரவையின் ஒப்புதலுக்கு

1. 2026-27க்கான ரூ.1,99,59,770 வரவும் ரூ.1,94,75,300 செலவும் கொண்ட திட்டத்தை ஏற்பது.
2. ரூ.5 லட்சம் காசுக்கடன் வரம்பு பெறத் தலைவருக்கும் செயலருக்கும் அதிகாரம் அளிப்பது.
3. போனஸை மதிப்பின் அடிப்படையில் கணக்கிடுவது, 180 நாள் தகுதியோடு.
4. காலைக் கொள்முதல் 7.30 மணிக்கு முடிவதும், பிடித்தம் பில்லில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பதும் 01.04.2026 முதல் நடைமுறைக்கு வருவது.

எந்தத் தலைப்பிலாவது ஒரு செலவு ஒதுக்கீட்டைவிட பத்து சதவீதத்துக்கு மேல் போனால், குழு அதைச் செலவு செய்யும் முன் அறிவிப்புப் பலகையில் காரணத்தோடு ஒட்டும்.

செயலர்
(நிர்வாகக் குழுவுக்காக)