ஃப்ரண்ட் ஃபுட் டிரைவ்: 14 வயதுக்குட்பட்டோருக்கான பயிற்சி வீடியோ ஸ்கிரிப்ட்

கோச் நோட்டில் இருப்பது: "ஃப்ரண்ட் ஃபுட் டிரைவ். தலை, தோள், கால். மேல் கை ராஜா. கீழ் கை ரெண்டு விரல். டிராப் பால் 12, மூணு செட்."

(கேமராமேனுக்கு: ஒரு கேமரா பாயின்ட் திசையில், பேட்ஸ்மேனின் நெஞ்சு தெரிய. இன்னொன்று பவுலர் முனையில், வலைக்குப் பின்னால். நேராக வரும் பந்து அங்கேதான் போகும், ஜாக்கிரதை.)

ஷாட் 1. பந்தில்லாமல், பக்கவாட்டில்.
கோச்: "வாங்க பசங்களா. வலது கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன், இடது கைக்காரங்க மாற்றிப் போட்டுக்கோங்க. எல்லாரும் முதலில் காலைத் தூக்கி முன்னாடி போடுறீங்க. வேண்டாம். தலை பந்தை நோக்கிப் போகட்டும், இடது தோள் கூடவே போகட்டும், கால் தானாக வரும்."
காட்சி: பையன் மெதுவாகச் செய்கிறான். முன் முட்டி மடிந்து, கண் முட்டிக்கு நேர் மேலே வந்ததும் படம் நிற்கிறது. அதற்கு மேல் எழுத்து: தலை முதலில்.

ஷாட் 2. கைகள் மட்டும், மிக அருகில்.
கோச்: "மேல் கை இறுக்கம். கீழ் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். மற்ற மூணு விரலும் சும்மா இருக்கட்டும்."
இதை அவசரப்படாமல் எடுக்க வேண்டும். நோட்டைப் படித்த பெற்றோர்கள் அதிகம் குழம்பிய இடம் இதுதான்.

ஷாட் 3. டிராப் பால், டென்னிஸ் பந்தில்.
காட்சி: கோச் ஆஃப் சைடில், பேட் எட்டாத தூரத்தில், ஒரு முட்டி போட்டுக் கையை நீட்டி, தோள் உயரத்திலிருந்து பந்தை விடுகிறார். ஒரு குத்து எழும்பி இறங்கும்போது அடி. எதிரே இரண்டு கோன்.
கோச்: "ஓங்கி அடிக்காதே தம்பி. கோனுக்கு நடுவில் தரையோடு உருட்டு. அடித்த பிறகும் தலை கீழேயே இருக்கணும். பந்து எங்கே போச்சுன்னு அப்புறம் பார்க்கலாம்."

ஷாட் 4. தப்பு எப்படித் தெரியும்? (நோட்டில் இல்லை, கோச்சிடம் கேட்டுச் சேர்த்தது.)
காட்சி: பந்து மிட்விக்கெட் பக்கம் ஓடுகிறது.
கோச்: "கீழ் கை முந்திக்கொண்டது. பேட் முகம் மூடிருச்சு. ஷாட் 2-க்குப் போ."
காட்சி: பந்து காற்றில் எழும்புகிறது.
கோச்: "தலை பின்னாடி சாய்ந்தது. இல்லேன்னா பந்து கிட்ட வருவதற்குள் அவசரப்பட்டு அடிச்சுட்டே."
தப்பை அதே பையனே செய்து காட்டட்டும். வேறு ஒருவனை நிறுத்தினால் ஊரே அவனைக் கிண்டல் செய்யும்.

ஷாட் 5. பவுலர் முனையிலிருந்து, வெட்டாமல் ஒரு முழு செட்.
கோச் குரல் மட்டும்: "12 பந்து, ஓய்வு, மறுபடி 12. மூணு செட் முடிந்தால் போதும். மூணாவது செட்டில் கோனுக்கு நடுவே போகாத பந்துதான் அதிகம்னா, நாளைக்கும் டென்னிஸ் பந்துதான். தோல் பந்து கேட்கக் கூடாது."