சொரசொரப்பான சாய்தளமும் கப்பியும்: விசைப்படத்தோடு ஒரு கணக்கு

30° சாய்தளத்தில் 4 கிகி கட்டை இருக்கிறது. அதில் கட்டிய நூல் தளத்துக்கு இணையாகப் போய், உச்சியில் உள்ள கப்பியைத் தாண்டி இறங்குகிறது. மறுமுனையில் 3 கிகி கட்டை தொங்குகிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. நூலுக்கு நிறையில்லை, அது நீளாது, கப்பி வழவழப்பானது. g = 10 மீ/வி². கையால் பிடித்திருக்கும் கட்டைகளை விட்டால் என்ன ஆகும்?

தொங்கும் கட்டையின் படம் சுலபம்: மேலே இழுவிசை T, கீழே எடை 30 நியூட்டன். வேறு அம்பே கிடையாது.

தளத்தில் உள்ள கட்டைக்கு நான்கு அம்புகள். எடை 40 நியூட்டன், நேர் கீழாக (தளத்துக்குச் செங்குத்தாக அல்ல). செங்குத்து விசை N, தளத்திலிருந்து விலகி. T, சரிவில் மேல்நோக்கி. நான்காவது உராய்வு f. அதன் திசையை இப்போது வரையாதீர்கள்.

எடையைக் கூறுகளாகப் பிரித்தால், சரிவின் வழியே கீழ்நோக்கி 40 sin 30° = 20, தளத்தை அழுத்துவது 40 cos 30° = 34.6. கூறுகளைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள். முழுக்கோட்டில் எடையையும் கூறுகளையும் சேர்த்து வரைந்தால் ஒரே விசையை இருமுறை எண்ணியதாகும். விடைத்தாள்களில் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். ma என்றொரு அம்பும் வேண்டாம். அது விசைகளின் விளைவு.

இனி உராய்வு. உராய்வே இல்லை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் 30 இழுக்கிறது, இந்தப் பக்கம் 20. கட்டை மேலே ஏறப் பார்க்கும். ஆகவே f சரிவில் கீழ்நோக்கி. நிலை உராய்வின் உச்சம் 0.4 × 34.6 = 13.9. தேவைப்படுவதோ 10 மட்டும். எனவே கட்டைகள் அசையாது: T = 30, f = 10 நியூட்டன். f = 13.9 என்று எழுதினால் தவறு. நிலை உராய்வு தேவையான அளவே எழும்.

தொங்குவதை 2 கிகி ஆக்கினால் இரு பக்கமும் 20. f பூச்சியம், அம்பையே அழித்துவிடலாம். 1 கிகி ஆக்கினால் கட்டை சறுக்கப் பார்க்கும். f மேல்நோக்கித் திரும்பி மறுபடி 10 ஆகும். உராய்வின் திசையை மனப்பாடம் செய்ய முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

5 கிகி தொங்கவிட்டால் 50 − 20 = 30; 13.9-ஐத் தாண்டிவிட்டது, கட்டைகள் நகரும். உராய்வு இனி இயக்க உராய்வு: 0.3 × 34.6 = 10.4, கீழ்நோக்கி. நூல் நீளாததால் இரண்டுக்கும் ஒரே அளவு முடுக்கம்.

50 − T = 5a
T − 20 − 10.4 = 4a

கூட்டினால் 19.6 = 9a; a = 2.18 மீ/வி², T = 39.1 நியூட்டன். T கட்டாயம் 50-க்குக் குறைவாகவும் 30.4-க்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு T = 50 வந்திருந்தால், தொங்கும் கட்டை முடுக்கமடைவதைச் சமன்பாட்டில் விட்டிருக்கிறீர்கள்.