மாதிரி வினாவும் விடையும்: தடைக்காலத்துக்குள் ஒரு விசைப்படகு

டிப்ளமோ மாலை வகுப்பு மாணவர்களுக்கு, திட்ட மேலாண்மைப் பாடத்துக்காக. பாடப்புத்தகத்தில் எப்போதும் ஒரு கட்டடம் கட்டுவார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் படகை எடுத்துக்கொண்டேன். தொகைகளும் நாட்களும் கணக்குக்காக நான் வைத்தவை.

வினா

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மண்டபத்தில் ஒருவர் தன் மரப் படகைப் பழுதுபார்க்க நினைக்கிறார். தடைக்காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் படகை ஏற்றுவதால் அவருக்கு மே 7 அன்றுதான் இடம் கிடைக்கிறது. ஜூன் 15 அதிகாலை படகு கடலுக்குப் போக வேண்டும். வேலைகள் கீழே.

| எண் | வேலை | எது முடிந்த பின் | சாதாரண நாள் | குறைந்தபட்ச நாள் | ஒரு நாள் குறைக்க (ரூ.) |
|---|---|---|---|---|---|
| 1 | கரையேற்றி, இன்ஜினைக் கழற்றுதல் | – | 3 | 3 | – |
| 2 | பழைய பெயிண்ட் சுரண்டி, பலகையைத் தட்டிப் பார்த்தல் | 1 | 5 | 4 | 1,500 |
| 3 | கெட்ட பலகை மாற்றுதல் | 2 | 16 | 12 | ? |
| 4 | இன்ஜின் பட்டறை வேலை | 1 | 27 | 24 | 2,500 |
| 5 | இடுக்குகளில் பஞ்சு அடைத்தல் | 3 | 8 | 6 | 2,000 |
| 6 | இன்ஜினைப் பொருத்துதல் | 3, 4 | 6 | 5 | 4,000 |
| 7 | பெயிண்ட் | 5 | 7 | 7 | – |
| 8 | வலை சரிசெய்தல் | – | 25 | 20 | 800 |
| 9 | கடலில் இறக்கிச் சோதனை ஓட்டம் | 6, 7 | 4 | 4 | – |
| 10 | வலை, ஐஸ், டீசல் ஏற்றுதல் | 8, 9 | 2 | 2 | – |

வேலை 3-க்குச் சாதாரணச் செலவு ரூ.64,000, 12 நாளில் முடிக்க ரூ.76,000. இட வாடகை, காவல் இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு ரூ.1,200. ஜூன் 15 முதல் கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ரூ.8,000 நஷ்டம்.

(அ) வேலைப் பிரிப்பு எழுதுக. (ஆ) பார் சார்ட் வரைந்து, கிரிட்டிக்கல் பாதையையும் ஃப்ளோட்டையும் காண்க. (இ) ஜூன் 14-க்குள் முடிக்க மிகக் குறைந்த கூடுதல் செலவு என்ன? (ஈ) அதற்கு மேல் ஒரு நாள் குறைக்கலாமா? (உ) 15-ஆம் நாள், இன்ஜின் 2 நாள் தாமதமாகும் என்று பட்டறையிலிருந்து தகவல் வருகிறது. என்ன செய்வீர்கள்?

விடை (அ)

போன முறை இதே மாதிரி வினாவுக்குப் பலர் மேலே உள்ள பட்டியலையே திரும்ப எழுதி வைத்தார்கள். அது வேலைப் பிரிப்பு ஆகாது. பட்டியல் வரிசையைச் சொல்கிறது. வேலைப் பிரிப்பு, கடைசியில் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. உச்சியில் 'கடலுக்குத் தயாரான படகு'. அதற்குக் கீழே நான்கு கிளை: உடல், இன்ஜின், வலை, காகிதம். உடலுக்குக் கீழே பலகை, இடுக்கு, பெயிண்ட். இன்ஜினுக்குக் கீழே பட்டறை வேலை, பொருத்துதல், ஷாப்ட். வலைக்குக் கீழே கிழிசல், கயிறு, மிதவை. காகிதத்தில் உரிமம், இன்சூரன்ஸ், மீன்வளத் துறை ஆய்வு.

நான்காவது கிளையைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கிளைகளைக் கூட்டினால் முழு வேலையும் வர வேண்டும், நூற்றுக்கு நூறு. பிரிப்பில் இல்லாத வேலைக்கு யாரும் நாள் ஒதுக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் அது தானாக வந்து நிற்கும். இந்தக் கணக்கில் காகித வேலையை 9-ஆவது வேலையின் 4 நாளுக்குள் அடக்கிவிட்டேன். அதை ஒரு வரியில் எழுதினால் போதும்.

விடை (ஆ)

ஒரு குறி ஒரு நாள். `=` கிரிட்டிக்கல், அதாவது ஒரு நாள் தவறினாலும் முடிவு நாளைத் தள்ளிவிடும் வேலை; `-` மற்றவை; `.` ஃப்ளோட், அதாவது முடிவு நாள் தள்ளாமல் ஒரு வேலை தாமதிக்கக்கூடிய நாள்.

```
1  ===
2     =====
3          ================
4     ---------------------------
5                          ========
6                                ------...
7                                  =======
8  -------------------------..................
9                                         ====
10                                            ==
```

(10-ஆம் வரியில் எண்ணுக்கு இரண்டு இடம் போனதால் ஒரு இடைவெளியைக் குறைத்திருக்கிறேன். அந்தப் பட்டை 44-ஆம் நாள்தான் தொடங்குகிறது.)

பாதைகளைக் கூட்டிப் பார்ப்போம்.

```
1-2-3-5-7-9-10 : 3+5+16+8+7+4+2 = 45
1-4-6-9-10     : 3+27+6+4+2     = 42
1-2-3-6-9-10   : 3+5+16+6+4+2   = 36
8-10           : 25+2           = 27
```

45 நாள் கொண்ட முதல் பாதைதான் கிரிட்டிக்கல். வலைக்கு 18 நாள் ஃப்ளோட். இன்ஜின் பட்டறைக்கும் பொருத்துதலுக்கும் சேர்த்து 3 நாள். 'சேர்த்து' என்பதைக் கவனியுங்கள். பட்டறை மூன்று நாளையும் தின்றுவிட்டால் பொருத்துகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆளுக்கு மூன்று என்று எழுதி மார்க்கை விட்டவர்கள் உண்டு.

பார் சார்ட்டைப் படகு உரிமையாளர் முன் விரித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். ஆனால் 6-ஆவது வேலை ஏன் 31-ஆம் நாள் வரை காத்திருக்கிறது என்று பட்டை சொல்லாது. இந்தக் குறைக்காகத்தான் 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தார் கிரிட்டிக்கல் பாதை முறையை உருவாக்கினார்கள். தேர்வில் இரண்டையும் காட்டுங்கள்.

விடை (இ)

மே 7 முதல் 31 வரை 25 நாள், ஜூனில் 14 நாள், ஆக 39. நமக்கு 45 ஆகிறது. 6 நாள் குறைய வேண்டும்.

முதலில் 3-ஆவது வேலையின் விடுபட்ட தொகை.

```
(76000 - 64000) / (16 - 12) = 3000
```

இனிமேல்தான் தடுக்கி விழும் இடம். பட்டியலில் மலிவானது வலை, நாளுக்கு ரூ.800. கை தானாக அங்கே போகும். போக வேண்டாம். வலையை 20 நாளில் முடித்தாலும் படகு அதே 45-ஆம் நாள்தான் கிளம்பும், ரூ.4,000 கரைந்ததுதான் மிச்சம்.

கிரிட்டிக்கல் பாதையில் மலிவானது 2, ரூ.1,500. ஒரு நாள் குறைகிறது: 44. அடுத்தது 5, ரூ.2,000. இரண்டு நாள் குறைகிறது: 42. இதுவரை 1,500 + 4,000 = ரூ.5,500.

இங்கே நிறுத்தி மறுபடி பாதைகளைப் பாருங்கள். இன்ஜின் பாதையும் 42. இப்போது கிரிட்டிக்கல் பாதை இரண்டு. ஒன்றை மட்டும் குறைத்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவான 1, 9, 10 மூன்றையும் குறைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு இடத்தில் பணம் போட வேண்டும்: முதல் பாதையில் 3 (ரூ.3,000), இரண்டாவதில் 4 (ரூ.2,500). நாளுக்கு ரூ.5,500. மூன்று நாளுக்கு ரூ.16,500.

```
1500 + 4000 + 16500 = 22000
```

விடை: ரூ.22,000 கூடுதல் செலவு, 39 நாள். பலகை 13 நாளிலும், இன்ஜின் பட்டறை வேலை 24 நாளிலும் முடிகின்றன.

பெயிண்டை ஏன் குறைக்க முடியாது என்று ஒருவர் கேட்டார். ஆளைக் கூட்டினால் அடிப்பது சீக்கிரம் முடியும், காய்வது முடியாது. சோதனை ஓட்டமும் அப்படித்தான். கரையில் நேராக வைத்த ஷாப்ட்டைப் படகு தண்ணீரில் மிதந்த பிறகு மறுபடி பார்த்தாக வேண்டும், ஏனென்றால் மிதக்கும்போது உடல் லேசாக வளையும்.

ஒரு சின்ன விலகல். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சேதமானபோது ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. பிறகு அது மூன்று மாதமானது. இ. ஸ்ரீதரன் தலைமையிலான அணி 46 நாளில் முடித்தது. கடலில் விழுந்த கர்டர்களை மீட்டு எடுத்து மாட்டினார்கள். இதை 'கிராஷிங்குக்கு உதாரணம்' என்று எழுதுகிறார்கள். பாதிதான் சரி. ஒரு வேலைக்குப் பணமும் ஆளும் கூட்டி நாளைச் சுருக்குவது கிராஷிங். புதிய கர்டருக்குக் காத்திராமல் பழையதை எடுத்தது வேலையையே மாற்றியது. நம் அட்டவணையில் அந்த வசதிக்குத் தனிக் கட்டம் கிடையாது.

விடை (ஈ)

முடியும், ஆனால் வேண்டாம். பலகையில் இன்னும் ஒரு நாள் (ரூ.3,000), பொருத்துதலில் ஒரு நாள் (ரூ.4,000): 38-ஆம் நாள் முடியும். செலவு ரூ.7,000.

பலன் என்ன? 45-இலிருந்து 39 வரை ஒவ்வொரு நாளும் வாடகையில் 1,200, மீன்பிடியில் 8,000 என ரூ.9,200 மிச்சமாகிறது. ரூ.5,500 கொடுத்து ரூ.9,200 வாங்குவது நியாயம். 39-க்குக் கீழே வந்தால் படகு தயார், கடல் பூட்டிக் கிடக்கிறது. ஜூன் 14 அன்று போக முடியாது. மிச்சம் வெறும் ரூ.1,200. புத்தகத்தில் செலவு வளைகோடு மெதுவாக மேலேறும். இந்தக் கரையில் அது ஜூன் 15 என்ற தேதியில் சட்டென்று முறிகிறது.

விடை (உ)

குறைத்த அட்டவணையில் இன்ஜின் 27-ஆம் நாள், அதாவது ஜூன் 2 அன்று வர வேண்டியது. இனி ஜூன் 4. அந்தப் பாதை 41 நாளாகிறது. அதில் குறைக்க மீதி இருப்பது பொருத்துதல் மட்டுமே: ரூ.4,000-க்கு ஒரு நாள், ஆக 40. ரூ.9,200 நஷ்டத்தைத் தவிர்ப்பதால் அதைச் செய்யலாம். படகு ஜூன் 15 மாலை தயாராகும், 16 காலை கிளம்பும். அந்த ஒரு நாள் போனது போனதுதான்.

இத்துடன் நிறுத்தினால் முழு மார்க் இல்லை. பலகைப் பாதை இன்னும் 39-இலேயே நிற்கிறது, அதை 40 வரை தளர்த்தலாம். 15-ஆம் நாள் பலகை வேலை நடந்துகொண்டிருக்கிறது (8-ஆம் நாள் தொடங்கி 20-ஆம் நாள் முடிய வேண்டியது). ஆசாரியிடம் அன்றைக்கே சொல்லி, கூடுதலாக வைத்த ஆளை ஒரு நாள் நிறுத்தினால் 13 நாள் 14 ஆகும், ரூ.3,000 திரும்ப வரும். பஞ்சில் தளர்த்தினால் ரூ.2,000தான், அதனால் பலகையில் தளர்த்துங்கள்.

```
22000 + 4000 - 3000 = 23000
```

தகவல் 21-ஆம் நாள் வந்திருந்தால் பலகை முடிந்திருக்கும், பஞ்சில் ரூ.2,000 மட்டுமே மீட்க முடியும். மொத்தம் ரூ.24,000 ஆகியிருக்கும்.