கவிதாவுக்கும் செந்தில் தம்பிக்கும்

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் அன்றைக்குப் பேசாமல் வந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் திருச்சிக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கவிதா, அப்பா இல்லை என்பது ஊரில் இருந்தவரைக்கும் முழுசாக உறைத்திருக்காது. கூட்டமும் சடங்குமாக நாள் போயிருக்கும். இனிமேல்தான் சாயங்காலம் போனை எடுத்து அவர் நம்பரைத் தேடுவாய். அழுகை வந்தால் அழு. பாப்பா பார்க்கிறாளே என்று அடக்காதே, அவளுக்கும் தாத்தா போன வருத்தம் இருக்கிறது. “வயசாகிவிட்டது, நல்ல சாவு” என்று யார் சொன்னாலும் நீ அதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுபத்தெட்டு வயதானாலும் அப்பா அப்பாதான்.

தம்பி, உங்களிடமும் பேச வேண்டும். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், பந்தல், ஐயர், வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஓடினீர்கள். மகன் இல்லாத வீட்டில் மகனாக நின்று கொள்ளியும் வைத்தீர்கள். வந்தவர்கள் எல்லோரும் “கவிதாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மாமா முதலில் போன் போடுவது உங்களுக்குத்தானே? குறுவைக்கு என்ன நெல் போடலாம் என்று பாங்க்கில் வேலை பார்க்கிற மருமகனிடம் கேட்டவர் அவர். இழப்பு உங்களுக்கும்தான். கவிதா முன்னால் கண் கலங்கினால் அவள் உடைந்துபோவாள் என்று நினைக்காதீர்கள். தன் அப்பாவுக்காக அழ இன்னொருவரும் இருக்கிறார் என்பது அவளுக்குப் பெரிய தெம்பு.

கொஞ்ச நாளைக்கு ஒருவர் பேச நினைக்கும்போது இன்னொருவருக்கு வாயைத் திறக்கவே பிடிக்காது. சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று வார்த்தை வரும். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பேருக்கும் தூக்கமே இல்லை.

அப்புறம், இறப்புப் பதிவு ஆகிவிட்டதா? 21 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் இருக்காது. சான்றிதழில் பெயர், இனிஷியல் எல்லாம் அப்பாவின் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கும் அம்மாவின் பாங்க் வேலைக்கும் அலைய வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகிற அன்று எங்க வீட்டுக்காரர் கூட வருவார். தம்பி லீவெல்லாம் தீர்ந்திருக்கும், தனியாகப் போக வேண்டாம். அம்மா தஞ்சாவூரிலேயே இருக்கப் பிரியப்பட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், வீட்டை என்ன செய்வது என்ற பேச்சையும் தள்ளிப்போடலாம்.

திங்கள் முதல் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது என் பொறுப்பு. இந்த வாரம் ராத்திரிச் சாப்பாடும் நான் கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கு ரசமும் பருப்புத் துவையலும். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டால் போதும், உட்கார வைத்துப் பேச வேண்டாம். வேறு ஏதாவது பிடித்தால் மத்தியானத்துக்குள் ஒரு மெசேஜ் போடு கவிதா.

அக்கா