வீடு மாற்றம்: நெட் வேலைகள் (வண்ணாரப்பேட்டை – கொடுங்கையூர், ஞாயிறு)

☐ புதன்கிழமைக்குள் நெட் கம்பெனிக்கு போன். புதுத் தெருவில் அவர்கள் கேபிள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடு தம்பி.

☐ ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடு. அடாப்டரை அதோடு சேர்த்துக் கட்டு.

☐ ரீசெட்: நெட் கணக்கின் யூசர்நேம், பாஸ்வேர்டை எழுதிய பிறகுதான்! ரீசெட் செய்தால் அவையும் அழிந்துவிடும். பவர் ஆனில் இருக்கும்போதே, ரீசெட் துளையில் ஊக்கு முனையை விட்டு, விளக்குகள் அணைந்து மறுபடி எரியும் வரை, சுமார் 10 விநாடி அழுத்து.

☐ ஸ்டிக்கரில் உள்ள முகவரியில் (நம்முடையது `192.168.1.1`) புது வைஃபை பாஸ்வேர்ட்: `Nellikai-Thinnai-42`. போன் நம்பர் வைக்காதே, எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

☐ அதை அம்மாவின் கேஸ் புக் கடைசிப் பக்கத்தில் எழுது.

☐ அப்பா போன், டிவி: புதிதாக இணை.