வீட்டுப்பாடம்: சின்னப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்

வீட்டுப்பாடம் வேண்டுமா என்று கேட்டால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம், மேல் வகுப்பு மாணவர்களுக்கு அளவோடு வேண்டும் என்பேன். எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் ஒரே பதிலைத் தேடுவதால்தான் இந்த விவாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் தலைமையிலான குழு, 1987 முதல் 2003 வரை அங்கு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டது. ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. அதற்குக் கீழே அது மிகவும் மெலிந்துபோனது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நன்றாகப் படிப்பவர்களே வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காகச் செய்வார்கள் என்பதால், தொடர்பு இருப்பதை மட்டும் வைத்து அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சின்ன வகுப்புகளில் பலன் தெரியாதபோது, மாலை விளையாட்டையும் தூக்கத்தையும் எதற்காகப் பறிக்க வேண்டும்?

பயிற்சி இல்லாமல் கணக்கு வராது என்பார்கள். சரிதான். ஆனால் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறது. 2-இல் 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது. இப்படியே இருபது கணக்கு போட்டால், இருபது முறையும் தவறுக்குத்தான் பயிற்சி. வகுப்பறையில் ஆசிரியர் இரண்டாவது கணக்கிலேயே பிடித்துவிடுவார். வீட்டில் யார் பிடிப்பது? படித்த பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் குழந்தை தப்பிக்கும். அம்மாவும் அப்பாவும் இரவு வேலைக்குப் போகும் வீட்டுக் குழந்தை, மறுநாள் திட்டு வாங்கும். பள்ளி குறைக்க வேண்டிய இடைவெளியைப் பள்ளியே வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய மாணவர்கள் விஷயம் வேறு. நேரத்தைத் தாங்களே பிரித்துக்கொள்ளவும், தெரியாததைத் தேடிப் பிடிக்கவும் அவர்கள் பழக வேண்டும். ஆனால் பாடத்தின் பின்னால் உள்ள விடைகளைப் பார்த்து எழுதும் வேலை அதற்கு உதவாது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அப்படியென்றால் புத்தகத்தை மூடிவிட்டு, இன்று நடந்த பாடத்தை அரைப் பக்கம் எழுதச் சொல்லலாமே. நான்கு பக்கம் பார்த்து எழுதுவதைவிட அது கடினம், நேரமோ குறைவு.

அப்புறம், கொடுத்ததைத் திருத்த வேண்டும். நோட்டின் ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் மட்டும் விழுந்தால், தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பது மாணவருக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிடும். ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கேட்கிறேன்: மறுநாள் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கிப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாத நாளில், வீட்டுப்பாடமும் வேண்டாம்.